உயிலில் 'என் பிள்ளைகள்' என்று எழுதினால் யார் யாருக்குச் சொத்து போகும்?

உயில் எழுதப் பெரிய சட்டச் சொற்கள் தேவையில்லை. எழுதியவரின் எண்ணம் விளங்கினால் போதும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஆவண எழுத்தரிடம் உட்கார்ந்து, "மூன்றும் எனக்கு ஒன்றுதானுங்க, பிள்ளைகளுக்குச் சமமாக என்று எழுதிவிடுங்கள்" என்று சொல்லும்போது, அந்தப் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்கு வீட்டில் ஒரு பொருளும் நீதிமன்றத்தில் வேறொரு பொருளும் இருக்கிறது. தத்தெடுத்த பிள்ளையோ, வாழ்க்கைத்துணையின் முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளையோ இருக்கும் குடும்பத்தில் இந்த வேறுபாடு ஒருவருக்குப் பாதித் தோட்டத்தையும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாமையையும் கொடுத்துவிடும். எழுதியவர் இறந்த பிறகு அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது.

முதன்முதலாக உயில் எழுத உட்காரும் கொங்குப் பகுதிக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் இந்துக்கள் என்பதால் அவர்களுக்குப் பொருந்தும் சட்டத்தையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறுபடும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி. அவரே கிரயம் வாங்கிய 6 ஏக்கர் தோட்டம். மஞ்சளும் வாழையும் போடுகிறார். முதல் திருமணத்தில் குழந்தை இல்லாததால், 1996-இல் கணவனும் மனைவியும் சேர்ந்து 2 வயதுப் பையனைத் தத்தெடுத்தார்கள். தத்துப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. 2002-இல் முதல் மனைவி இறந்துவிட்டார். 2005-இல் விவசாயி, கணவனை இழந்த ஒரு பெண்ணை மணந்தார். அந்தப் பெண்ணுக்கு 5 வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளும் தோட்டத்து வீட்டுக்கே வந்தாள். 2007-இல் இருவருக்கும் ஒரு மகள் பிறந்தாள். விவசாயியின் தாயும் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

ஊருக்குள் கேட்டால் "அவருக்கு மூன்று பிள்ளைகள்" என்பார்கள். அவரும் அப்படியே சொல்வார். இரண்டாம் மனைவி அழைத்து வந்த மகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது இவருடைய இனிஷியலைத்தான் போட்டார். ரேஷன் கார்டிலும் அவள் 'மகள்' என்றே இருக்கிறாள். காதுகுத்துச் சீரை இவர்தான் செய்தார்.

இவர் தம் உயிலில் "என் 6 ஏக்கர் தோட்டத்தை என் பிள்ளைகள் சமமாக அடைய வேண்டியது" என்று மட்டும் எழுதிவிட்டு இறந்தால் என்ன ஆகும்?

தத்து மகனுக்கு 3 ஏக்கர். 2007-இல் பிறந்த மகளுக்கு 3 ஏக்கர். மனைவியின் முதல் திருமணத்து மகளுக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்காமல் போகும் நிலை வரும்.

இதே விவசாயியின் மனைவி, தம் சேமிப்பில் வாங்கிய 10 சென்ட் வீட்டுமனைக்கு அதே வாசகத்தில் உயில் எழுதினால் கணக்கு தலைகீழாகிறது. அவருடைய 'பிள்ளைகள்' என்றால் அவர் பெற்ற இரண்டு மகள்கள்தான். கணவர் முதல் மனைவியோடு சேர்ந்து தத்தெடுத்த மகன் இவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளை. அவனுக்கு மனையில் பங்கு இல்லை. ஒரே வீட்டில், ஒரே சொல்லை எழுதிய இரண்டு உயில்கள், இரண்டு வெவ்வேறு பிள்ளைகளை வெளியே நிறுத்துகின்றன. கணவனும் மனைவியும் ஒரே மாதிரி வாசகத்தில் உயில் எழுதிக்கொள்ளும் வழக்கம் இருப்பதால் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

முதல் படி: ஒவ்வொரு பிள்ளையும் எந்த வழியில் உறவு என்று எழுதிப் பாருங்கள்

ஆவண எழுத்தரிடம் போவதற்கு முன், ஒரு தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, எதிரே இரண்டே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இவர் எனக்குப் பிறந்தவரா, தத்தெடுத்தவரா, துணையோடு வந்தவரா, எடுத்து வளர்த்தவரா? அதற்கு என்னிடம் என்ன காகிதம் இருக்கிறது? கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். ஏனென்றால் மேலே பார்த்தபடி விடைகள் வேறாக இருக்கும்.

பெற்ற பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தத்துப் பிள்ளையின் நிலை, பலர் நினைப்பதைவிட உறுதியானது. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, தத்து நடந்த நாள் முதல் எல்லா வகையிலும் அவர் தத்தெடுத்தவரின் பிள்ளை. பெற்ற வீட்டோடு இருந்த உறவு அன்றோடு அறுந்துவிடும். இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்து மையம் வழியாக எடுத்த குழந்தைக்கும் இதே நிலைதான். அந்தத் தத்துக்கான ஆணையை முன்பு நீதிமன்றம் தந்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். எனவே 'என் பிள்ளைகள்' என்றால் தத்துப் பிள்ளை உள்ளே வருகிறார். அவரைத் தனியாகச் சேர்த்து எழுதாவிட்டாலும் விட்டுப்போக மாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் பகுதியில் பிள்ளை இல்லாத தம்பிக்கு அண்ணன் தன் இரண்டாவது மகனைத் தத்துக் கொடுப்பது காலங்காலமாக நடக்கிறது. அப்படிக் கொடுத்த மகன் எதிர் வீட்டிலேயே வளர்ந்தாலும், தினம் வந்து சாப்பிட்டுப் போனாலும், பெற்ற தகப்பனின் உயிலில் வரும் 'என் பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள் அவர் வர மாட்டார். அவருக்கும் ஏதாவது தர நினைக்கும் தகப்பன், "தத்துக் கொடுத்த என் மகன்" என்று பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும்.

துணையோடு வந்த பிள்ளைக்கு, மாற்றாந்தகப்பனின் சொத்தில் சட்டம் தானாக எந்த இடமும் தருவதில்லை. இனிஷியலை மாற்றியதாலோ, பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் தகப்பன் பெயராக இவர் பெயர் இருப்பதாலோ தத்து ஆகிவிடாது. வளர்ப்பு உறவுக்கு அவை சாட்சிதான். ஆனால் வாரிசுரிமை தரும் ஆவணங்கள் அல்ல. இந்த இடத்தில்தான் மிகப் பெரிய ஏமாற்றங்கள் நடக்கின்றன. 20 வருடம் 'அப்பா' என்று கூப்பிட்ட பெண்ணுக்கு, தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தான் பட்டியலில் இல்லை என்பது தெரிகிறது. எவ்வளவு கொடுமையான நேரத்தில் அந்தச் செய்தி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் இதே நிலைதான். அக்காள் மகனைச் சிறு வயதிலேயே கூட்டி வந்து வளர்த்து, படிக்க வைத்து, திருமணமும் செய்து வைத்திருக்கலாம். தத்து நடக்காதவரை அவர் அக்காள் மகன்தான்.

இரண்டாம் படி: தத்து நிற்குமா என்று சோதியுங்கள்

'தத்து மகன்' என்று நாம் சொல்வதும், சட்டம் ஏற்கும் தத்தும் எப்போதும் ஒன்றல்ல. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது. குழந்தையைப் பெற்றவர்கள் உண்மையில் கையளிக்க வேண்டும், தத்தெடுப்பவர் ஏற்க வேண்டும். மனைவி இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். குழந்தை 15 வயது நிறையாததாகவும் திருமணம் ஆகாததாகவும் இருக்க வேண்டும். வழக்காறு இடம் கொடுத்தால் மட்டும் விலக்கு உண்டு. ஆண்பிள்ளையைத் தத்தெடுப்பவருக்கு அந்த நேரத்தில் மகனோ மகன்வழிப் பேரனோ இருக்கக் கூடாது. பெண்பிள்ளையைத் தத்தெடுப்பவருக்கு மகளோ மகன்வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. ஆண் ஒருவர் பெண்குழந்தையையோ, பெண் ஒருவர் ஆண்குழந்தையையோ தத்தெடுத்தால் இருவருக்கும் குறைந்தது 21 வயது இடைவெளி இருக்க வேண்டும். ஹோமம் வளர்க்காதது குறையாகாது.

கையில் தத்துப் பத்திரம் இருந்தால் அதில் மூன்றைப் பாருங்கள். கொடுத்தவர் கையெழுத்தும் எடுத்தவர் கையெழுத்தும் இரண்டும் இருக்கின்றனவா? பதிவாகியிருக்கிறதா? இவை இரண்டும் இருந்தால், 16-ஆவது பிரிவுப்படி தத்து முறையாக நடந்தது என்றே நீதிமன்றம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் மறுத்து நிரூபிக்க வேண்டும். மூன்றாவதாகத் தேதியைப் பாருங்கள். பையனுக்கு 22 வயதானபோது, சொத்துப் பேச்சு எழுந்த பிறகு, எடுத்தவர் மட்டும் கையெழுத்திட்டு எழுதிய பத்திரம் என்றால் அது நிற்கும் என்று நம்பி உயில் எழுதாதீர்கள். பங்காளிகள் முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

தத்து பலவீனமாக இருந்தால் சொத்துத் தர வழியே இல்லையா? தாராளமாக இருக்கிறது. உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரிவி கவுன்சிலின் இரண்டு தீர்ப்புகள் இதைக் காட்டுகின்றன. 1876-இல் வந்த வழக்கில், உரிய சடங்குகள் நடக்காததால் தத்து செல்லாது என்று வாதிட்டார்கள். ஆனாலும் சொத்து அந்தப் பையனைக் குறித்தே தரப்பட்டது. 'தத்து' என்பது அவனை அடையாளம் காட்டும் சொல்லாக மட்டுமே வந்தது என்று நீதிமன்றம் கண்டது. சொத்து அவனுக்கே போனது. 1885-இல் வந்த வழக்கில் தத்தெடுப்பதே அந்தக் குடும்ப வழக்காற்றுக்கு ஒவ்வாதது. அங்கே சொத்து 'தத்து மகன்' என்ற நிலைக்காகவே தரப்பட்டது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தத்து விழுந்தபோது கொடையும் விழுந்தது.

ஆகவே "எனக்குப் பின் என் கர்மங்களைச் செய்ய நான் தத்தெடுத்திருப்பதால் இந்தச் சொத்தை அவனுக்குத் தருகிறேன்" என்று எழுதுவது ஆபத்து. காரணத்தையும் கொடையையும் ஒரே வாக்கியத்தில் பின்னிவிட்டீர்கள். காரணத்தை உடைத்தால் கொடையும் உடையக்கூடும். பெயரைச் சொல்லி, இன்னார் மகனாகப் பிறந்து என் வீட்டில் வளர்ந்த இன்னாருக்குத் தருகிறேன் என்று நேராக எழுதுங்கள்.

மூன்றாம் படி: சொல்லை எண்ணத்துக்கு ஏற்ப வரையறுங்கள்

நம் விவசாயிக்கு வருவோம். அவர் மனத்தில் மூவரும் சமம். அப்படியானால் உயிலின் தொடக்கத்திலேயே இப்படி எழுதலாம்:

"1996-ஆம் ஆண்டு பதிவான தத்துப் பத்திரத்தின்படி நான் தத்தெடுத்த மகன் ……… என்பவரையும், என் மனைவி ……… என்பவருக்கு அவருடைய முதல் திருமணத்தில் பிறந்து 2005 முதல் என் குடும்பத்தில் வளர்ந்த மகள் ……… என்பவரையும், எனக்கும் என் மனைவிக்கும் பிறந்த மகள் ……… என்பவரையும் இந்த உயிலில் 'என் பிள்ளைகள்' என்று குறிப்பிடுகிறேன். இவர்களுக்கு நான் தரும் சொத்தை அவரவர் பெயருக்கே தருகிறேன். இவர்களில் எவருடைய உறவைப் பற்றியோ தத்தைப் பற்றியோ பின்னாளில் எந்த ஐயம் எழுந்தாலும் அது இந்தக் கொடையைப் பாதிக்காது."

இப்போது 6 ஏக்கரில் ஆளுக்கு 2 ஏக்கர். உயிலில் பிறகு எத்தனை இடத்தில் 'என் பிள்ளைகள்' வந்தாலும் இந்த மூவர்தான். ஒரு பத்தியை மட்டும் பிய்த்துப் பார்க்காமல் உயில் முழுவதையும் சேர்த்துப் படித்தே பொருள் கொள்ள வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 82-ஆவது பிரிவு சொல்வதால், முன்னால் வைத்த வரையறை பின்னால் வரும் சொல்லைக் காக்கும்.

வரையறை எழுதாமல் "என் மூன்று பிள்ளைகளுக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால்? அந்த 'மூன்று' ஓரளவு காப்பாற்றும். அவருக்குச் சட்டப்படி இரண்டு பிள்ளைகள்தான் என்றால் மூன்றாவது யார் என்ற கேள்வி எழும். 75-ஆவது பிரிவுப்படி நீதிமன்றம் குடும்பச் சூழலை விசாரிக்கலாம். இனிஷியலும் ரேஷன் கார்டும் அப்போதுதான் உதவும். ஆனால் அது வழக்குத் தொடுத்து, சாட்சி சொல்லி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறும் உதவி. ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினால் அவ்வளவும் மிச்சம்.

பெயர் சொல்லி எழுதுவதற்கு ஒரு விலையும் உண்டு. 'என் பிள்ளைகள்' என்று பொதுவாக எழுதினால், உயில் எழுதியவர் இறக்கும்போது அந்த வகையில் உயிரோடு இருப்பவர்கள் எல்லாம் சேர்வார்கள். உயிலுக்குப் பிறகு பிறந்த குழந்தையும் தத்தெடுத்த குழந்தையும்கூடச் சேரும். பெயர்களை மட்டும் எழுதினால் பின்னால் வருபவர் விட்டுப்போவார். இளம் வயதில் உயில் எழுதுபவர்கள், "இனி எனக்குப் பிறக்கும் அல்லது நான் சட்டப்படி தத்தெடுக்கும் குழந்தையும் இதில் சேரும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 60 வயதைத் தாண்டிய நம் விவசாயிக்கு அது அநேகமாகத் தேவைப்படாது.

நான்காம் படி: அந்தப் பிள்ளை உங்களுக்கு முன் இறந்தால்?

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் எழுதிய உயில்களிலேயே இது இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பொதுவான விதி இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவில் இருக்கிறது. உயிலின்படி பெற வேண்டியவர், எழுதியவருக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தக் கொடை வீழ்ந்து, மீதிச் சொத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் 109-ஆவது பிரிவு ஒரு விதிவிலக்குத் தருகிறது. பெற வேண்டியவர் எழுதியவரின் பிள்ளையாகவோ நேர்வழிச் சந்ததியாகவோ இருந்து, அவருக்கும் ஒரு சந்ததி உயிரோடு இருந்தால் கொடை வீழாது. அவர் எழுதியவருக்குச் சற்றுப் பின்னால் இறந்ததாகக் கருதி, சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இந்துக்களின் உயிலில் இந்தப் பிரிவைப் பொருத்தும்போது 'பிள்ளை' என்பதில் தத்துப் பிள்ளையும் அடங்கும் என்று அச்சட்டத்தின் மூன்றாவது அட்டவணையே சொல்கிறது.

துணையோடு வந்த பிள்ளையைப் பற்றி அந்த அட்டவணையில் ஒரு சொல்லும் இல்லை.

இதன் விளைவை நம் குடும்பத்தில் பாருங்கள். மூவருக்கும் பெயர் சொல்லி 2 ஏக்கர் வீதம் எழுதியாயிற்று. தத்து மகன் ஒரு விபத்தில் தகப்பனுக்கு முன் இறந்துவிடுகிறார், அவருக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்றால் அந்த 2 ஏக்கர் அவருடைய மனைவிக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும். இதே துயரம் மனைவியின் முதல் திருமணத்து மகளுக்கு நேர்ந்தால், அவளுக்கும் ஒரு குழந்தை இருந்தாலும், அந்த 2 ஏக்கர் வீழ்ந்துவிடும். மீதிச் சொத்தை யாருக்கு எழுதியிருக்கிறதோ அவருக்குப் போகும். அப்படி எதுவும் எழுதவில்லை என்றால் உயில் இல்லாத சொத்தாகச் சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். பெயரைச் சரியாக எழுதி மூவரையும் சமமாக்கியவர், இந்த ஒரு வரியை விட்டதால் பேரக்குழந்தைகளில் ஒன்றை வெளியே தள்ளிவிடுகிறார்.

எழுத வேண்டிய வரி எளிதானது: "மேற்கண்ட மூவரில் எவரேனும் எனக்கு முன் இறந்தால் அவருக்கு எழுதிய பங்கை அவருடைய குழந்தைகள் சமமாக அடைய வேண்டும். குழந்தை இல்லாவிட்டால் மற்ற இருவர் அடைய வேண்டும்." அதற்குக் கீழே, இந்த உயிலில் குறிப்பிடாத எல்லா மீதிச் சொத்தும் இன்னாருக்கு என்று ஒரு வரி. வங்கி வைப்பும், பின்னால் வாங்கும் வண்டியும், பங்கு வராமல் கிடந்த பழைய காடும் அந்த வரிக்குள் வந்துவிடும்.

'வாரிசுகள்' என்ற சொல்லுக்கு இன்னும் அதிகக் கவனம்

'பிள்ளைகள்' என்பதற்குப் பதிலாக 'வாரிசுகள்' என்று போட்டால் எல்லோரும் அடங்குவார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். வேண்டாதவர்கள் வருவார்கள், வேண்டியவர் வர மாட்டார்.

இந்து ஆண் ஒருவரின் வாரிசுகள் யார் என்பதை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியலிடுகிறது. முதல் வகுப்பில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் ஒன்றாக வருகிறார்கள். நம் விவசாயி "என் வாரிசுகள் சமமாக அடைய வேண்டியது" என்று எழுதினால், 6 ஏக்கர் நான்காகப் பிரியும். தாய்க்கு ஒன்றரை, மனைவிக்கு ஒன்றரை, தத்து மகனுக்கு ஒன்றரை, மகளுக்கு ஒன்றரை. மனைவியின் முதல் திருமணத்து மகளுக்கு இப்போதும் இல்லை. தாய்க்குப் போன ஒன்றரை ஏக்கர், அவர் காலத்துக்குப் பின் அவருடைய மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும் சேரும். விவசாயி நினைத்தே பார்க்காத இடத்துக்குத் தோட்டத்தின் ஒரு துண்டு போய்விடும்.

பெண்ணின் சொத்தில் வரிசை வேறு. 15-ஆவது பிரிவுப்படி மகன்கள், மகள்கள், கணவன் முதலில். கணவனின் மற்ற பிள்ளைகள் இந்த முதல் வரிசையில் இல்லை என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் வரிசையில் ஒருவரும் இல்லாதபோது 'கணவனின் வாரிசுகள்' என்ற அடுத்த வரிசையில்தான் அவர்கள் வர முடியும். எனவே நம் விவசாயியின் மனைவி 'வாரிசுகள்' என்று எழுதினாலும் தத்து மகனுக்கு மனையில் இடம் கிடைக்காது. அவர் விரும்பினால் பெயர் எழுத வேண்டும்.

'உறவினர்கள்', 'சொந்தபந்தம்', 'குடும்பத்தார்' ஆகிய சொற்களை உயிலில் எழுதவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பங்காளிகளா, மாமன் மச்சான்களா, எத்தனையாவது தலைமுறை வரை என்று எதுவும் அதில் இல்லை. யாரேனும் வழக்குத் தொடுத்தால் ரத்த உறவையும் வாரிசு வரிசையையும் நோக்கியே வாதம் போகும். திருமணத்தால் வந்த பிள்ளைக்கு அந்த வாதத்தில் பிடிமானம் குறைவு. கோயில் திருப்பணிக்கோ ஏழை உறவினர் படிப்புக்கோ தர விரும்பினால் யாருக்கு, எவ்வளவு என்று எழுதுங்கள்.

கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு

கிறிஸ்தவர்களின் உயிலுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 93, 99, 100 பிரிவுகள் நேரடியாகப் பொருந்தும். 'பிள்ளைகள்' என்றால் முதல் தலைமுறை நேர்ச்சந்ததி மட்டும். 'வாரிசுகள்', 'உறவினர்கள்', 'குடும்பம்' என்று பொதுவாக எழுதினால் உயில் இல்லாமல் இறந்தால் எப்படிப் பிரியுமோ அப்படிப் பிரியும். இன்னொரு முக்கியமான வேறுபாடு: கிறிஸ்தவர் ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும். மறுமணம் செய்தவர்கள் புதிதாக எழுதியே ஆக வேண்டும். இந்துக்களுக்கு அப்படி ரத்தாகாது. முதல் மனைவி காலத்தில் எழுதிப் பெட்டியில் வைத்த உயில், இரண்டாம் திருமணத்துக்குப் பிறகும் உயிரோடுதான் இருக்கும். ஆகவே மறுமணம் செய்த இந்துக்கள் "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்ற வரியைத் தவறாமல் எழுத வேண்டும்.

முஸ்லிம் தனிச்சட்டத்தில் தத்துப் பிள்ளையும் துணையோடு வந்த பிள்ளையும் வாரிசுகள் அல்ல. அதனாலேயே அவர்களுக்கு உயில் எழுத வழி திறந்திருக்கிறது. இறுதிச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு வரை, வாரிசுகளின் சம்மதம் இல்லாமலே, பெயர் சொல்லி எழுதலாம்.

கையெழுத்து, சாட்சி, பதிவு

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொருவரும், எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தவராகவோ அது தம் கையெழுத்துத்தான் என்று அவரே சொல்லக் கேட்டவராகவோ இருக்க வேண்டும். துணையோடு வந்த பிள்ளைக்குப் பங்கு தரும் உயிலை மற்ற வாரிசுகள் எதிர்க்க வாய்ப்பு அதிகம். அந்த வழக்கில் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டியிருக்கும். எனவே உங்களைவிட வயது குறைந்தவரை, ஊரிலேயே இருப்பவரை, சொத்தில் பங்கு இல்லாதவரைச் சாட்சியாக வையுங்கள். பங்கு பெறும் பிள்ளையோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட குடும்பங்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள் என்றே சொல்வேன். தாமே நேரில் வந்து சுயநினைவோடு கையெழுத்திட்டார் என்பதற்கு அது நல்ல துணை. உயில் தனிப் புத்தகத்தில் பதிவாவதால் வில்லங்கச் சான்றில் காட்டாது. தத்துப் பத்திரத்தின் நகலையும், மனைவியின் முதல் கணவர் இறப்புச் சான்றையும், அந்த மகளின் பிறப்புச் சான்றையும் உயிலோடு சேர்த்து வையுங்கள். உயிலில் எழுதிய உறவு விவரமும் இந்தக் காகிதங்களும் ஒத்துப்போக வேண்டும்.

பிற்பாடு பட்டா மாற்றத்துக்குப் போகும்போது, வாரிசுச் சான்றிதழில் அந்த மகளின் பெயர் இல்லையே என்று கேட்பார்கள். இருக்காதுதான். வாரிசுச் சான்றிதழ், உயில் இல்லாதபோது யார் யார் வாரிசுகள் என்று காட்டும் காகிதம். உயிலின்படி அவளுக்குக் கிடைத்த உரிமை, அதில் பெயர் இல்லாததால் போய்விடாது. உயிலின் சான்றிட்ட நகலையும் இறப்புச் சான்றையும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபித்தால், தாசில்தார் அலுவலகத்தில் வாதாடிக் காலத்தைக் கழிக்காமல் சொத்து தனக்கே உரியது என்று அறிவிக்கக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். அங்கே முதலில் விரிக்கப்படுவது உயிலின் அந்த வரையறைப் பத்திதான்.